அஞ்சு சட்டி மணல், பத்து சட்டி ஜல்லி

புது வீட்டு அஸ்திவாரத்துக்குப் பூட்டிங் கான்கிரீட் போட்டு முடித்த அன்று சாயங்காலம் அப்பாவுக்கு ஒரே சந்தோஷம். 46 மூட்டை சிமெண்ட் ஆகும் என்று கணக்குப் போட்டு இறக்கியிருந்தோம். 36 மூட்டையிலேயே வேலை முடிந்துவிட்டது. "பத்து மூட்டை மிச்சம்டா, கொத்தனார் கைராசிக்காரர்" என்று சொல்லி, மிச்ச மூட்டைகளைத் தார்ப்பாய் போட்டு மூடிவைத்தார்.

அது மிச்சம் இல்லை என்று எங்களுக்குப் புரிய நான்கு நாள் ஆனது.

எங்கள் ஊர் கல்லிடைக்குறிச்சி பக்கம். வீட்டு வேலையைக் கூலிக்கு மட்டும் பேசிவிட்டிருந்தோம். சாமான் எல்லாம் எங்கள் பொறுப்பு. அதனால் எத்தனை மூட்டை வந்தது, எத்தனை போனது என்பதை நான் ஒரு நோட்டில் எழுதி வந்தேன். அக்கா வீட்டுக்காரர், அதாவது எங்கள் அத்தான், சிவில் படித்தவர், வீட்டுக்கு வரைபடமும் அவர்தான் போட்டுக் கொடுத்தார். வேலை பார்க்க வந்தவர் அந்த நோட்டைப் புரட்டினார். "200 கன அடிக்கு 36 மூட்டையா?" என்று கேட்டுவிட்டு மறுபடி ஒரு தடவை பார்த்தார்.

அவர் போட்ட கணக்கை எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன். எம்-20 கலவை என்றால் ஒன்றுக்கு ஒன்றரை, மூன்று. ஒரு பங்கு சிமெண்ட், ஒன்றரைப் பங்கு மணல், மூன்று பங்கு ஜல்லி. இந்தக் கலவையில் 100 கன அடி கான்கிரீட்டுக்கு ஏறக்குறைய 23 மூட்டை போக வேண்டும். ஒன்றுக்கு இரண்டு, நான்கு என்று போட்டால் 18 மூட்டைதான் போகும். அது எம்-15. கம்பி கட்டிப் போடும் கான்கிரீட் எம்-20க்குக் குறையக்கூடாது என்கிறது கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456. எங்கள் 200 கன அடிக்கு 36 மூட்டை என்றால், நூறுக்கு 18. யாரையும் கேட்க வேண்டியதே இல்லை, நோட்டே சொல்லிவிட்டது.

கொத்தனார் அண்ணாச்சிக்கு இதைக் கேட்டதும் முகம் மாறிவிட்டது. முப்பது வருஷமாகக் கட்டுகிறவர். "தம்பி, மூட்டைக்கு அஞ்சு சட்டி மணலு, பத்து சட்டி ஜல்லி. இன்னைக்கு நேத்தா போடுதோம்? எங்க ஐயா காலத்துல இருந்து இதான் கணக்கு. ஒரு சட்டி கூடப் போடல, நீங்களும் பக்கத்துலதான நின்னிய" என்றார். அவர் சொன்னது பொய்யில்லை. நானும் நின்றேன். ஐந்தும் பத்துமாகத்தான் கலவை மெஷினில் விழுந்தது. எண்ணிக்கையில் தப்பே இல்லை.

அத்தான் அவரோடு வாதாடவில்லை. சென்ட்ரிங்குக்கு வாங்கிய பிளைவுட் துண்டுகளில் ஒரு பெட்டி அடிக்கச் சொன்னார். உள் அளவு 40 சென்டிமீட்டர் நீளம், 35 அகலம், 25 உயரம். மூன்றையும் பெருக்கினால் 35 லிட்டர். 50 கிலோ சிமெண்ட் மூட்டைக்குக் கொள்ளளவு 35 லிட்டர் என்று கணக்கு. ஆக, அந்தப் பெட்டி ஒன்று என்பது ஒரு மூட்டைக்குச் சமம். மணல் ஒன்றரைப் பெட்டி, ஜல்லி மூன்று பெட்டி போட்டால் எம்-20.

பெட்டி தயாரானதும் அன்று வேலைக்கு வந்த அதே அக்காவைக் கூப்பிட்டு, வழக்கம்போல ஒரு சட்டி மணல் ரொப்பச் சொன்னார். மம்பட்டியால் வாரி, கோபுரமாகக் குவித்து, பெட்டியில் கொட்டினார்கள். இரண்டரைச் சட்டியிலேயே பெட்டி நிறைந்துவிட்டது. அப்படியானால் கோபுரச் சட்டி ஒன்று 14 லிட்டர். அப்புறம் அதே சட்டியை ரொப்பி, ஒரு சட்டத்தால் மேலே வழித்துத் தலைதட்டிக் கொட்டச் சொன்னார். இப்போது பெட்டி நிறைய மூன்றரைச் சட்டி ஆனது. தலைதட்டிய சட்டி 10 லிட்டர்.

இந்த இரண்டு எண்ணையும் வைத்துப் பார்த்தால் எல்லாம் விளங்கிவிடுகிறது. கோபுரமாக ஐந்து சட்டி மணல் 70 லிட்டர், அதாவது சரியாக இரண்டு மூட்டை அளவு. கோபுரமாகப் பத்து சட்டி ஜல்லி 140 லிட்டர், நான்கு மூட்டை அளவு. ஒன்றுக்கு இரண்டு, நான்கு. அதே ஐந்தையும் பத்தையும் தலைதட்டிப் போட்டிருந்தால் 50 லிட்டரும் 100 லிட்டரும். ஒன்றரைக்கும் மூன்றுக்கும் ஒரு துளி குறைவு, சிமெண்ட் சற்றுக் கூடுதல். அதுதான் எம்-20.

அண்ணாச்சியின் ஐயா காலத்துக் கணக்கு சரியான கணக்குதான். அது தலைதட்டிய சட்டிக்கான கணக்கு. எண்ணிக்கை மட்டும் தலைமுறை தாண்டி வந்தது, தலைதட்டுவது நடுவில் எங்கேயோ விட்டுப்போயிருக்கிறது. நடை குறையும் என்று யாரோ ஒருத்தர் கொஞ்சம் குவித்திருப்பார், அடுத்தவர் இன்னும் கொஞ்சம். நெல் அளக்கிற ஊர்க்காரர்கள் நாம். மரக்காலைக் குவித்து அளந்தால் ஒரு அளவு, தலை வழித்து அளந்தால் வேறு அளவு என்று நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. களத்தில் அவ்வளவு கறாராக இருக்கிற நாம் கலவை மெஷின் பக்கத்தில் அதை மறந்துவிட்டோம் என்பதுதான் எனக்கு இன்றைக்கும் வருத்தம்.

பூட்டிங் போட்டது போட்டதுதான். அத்தான் மண்ணையும் பாரத்தையும் வைத்து மறுபடி கணக்குப் பார்த்தார். கீழ்த்தளம் மட்டும் என்றால் உடைக்க வேண்டாம் என்று முடிவு செய்தார். ஆனால் மேலே மாடி எடுப்பதாக இருந்தால், பூட்டிங்கில் துளை போட்டு கான்கிரீட் உருளை எடுத்துச் சோதனை செய்து பார்க்காமல் ஒரு செங்கல் கூட வைக்கக்கூடாது என்று எழுதியே கொடுத்துவிட்டார். தம்பிக்கு மாடியில் ஒரு வீடு என்பது அப்பாவின் ஆசை. அந்தப் பத்து மூட்டைக்கு நாங்கள் கொடுத்த விலை அது.

அடுத்தது தூண்கள், பெல்ட், அப்புறம் தளம். இதையெல்லாம் எப்படி அளப்பது என்று பேச்சு வந்தது. பெட்டிதான் இருக்கிறதே, அதிலேயே அளந்து போடலாமே என்றேன் நான். 35 லிட்டர் ஜல்லி 50 கிலோவுக்கு மேல் வரும், பெட்டி எடை தனி. இரண்டு பேர் பிடித்துத் தூக்கி, மெஷின் வாயில் கொட்டி, மறுபடி வந்து ரொப்ப வேண்டும். தளம் போடுகிற நாளில் தொண்ணூறு தடவைக்கு மேல் மெஷின் சுற்றும். இரண்டு மணி நேரத்தில் பெட்டியை ஓரமாக வைத்துவிட்டுச் சட்டியை எடுத்துவிடுவார்கள் என்றார் அத்தான். அவர் பார்த்த வேலைகளில் அப்படித்தான் நடந்திருக்கிறது. அதனால் சட்டியிலேயே அளப்போம், ஆனால் அந்தச் சட்டியைப் பெட்டியில் அளந்து வைத்துக்கொள்வோம் என்பது ஏற்பாடு.

அண்ணாச்சி வேறு ஒரு யோசனை சொன்னார். கோபுரமாகவே போடட்டும், எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ளலாம். மணல் நாலு, ஜல்லி ஏழரை. கணக்குப்படி அது சரிதான். ஆனால் அத்தான் பத்து கோபுரச் சட்டியைத் தனித்தனியாக அளந்து காட்டினார். குறைந்தது 12 லிட்டர், கூடினது 15. மம்பட்டி பிடிப்பவர் மாறினால் குவியல் மாறும். காலையில் ஒரு குவியல், சோற்று நேரத்துக்கு முன்னால் வேறு குவியல். ஈர மணல் செங்குத்தாக நிற்கும், காய்ந்த மணலும் ஜல்லியும் சரிந்து ஓடும். தலைதட்டிய சட்டி யார் ரொப்பினாலும் 10 லிட்டர். அண்ணாச்சி அதைக் கையால் தொட்டுப் பார்த்துவிட்டு, "சரி, தலைதட்டியே போடுவோம்" என்றார். அவர் ஒத்துக்கொண்டது எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது. அவ்வளவு வயதில், ஆள்கள் முன்னால், ஒரு வழக்கத்தை மாற்றிக்கொள்வது எளிதில்லை.

சட்டி சுமக்கிற அக்காமார் கூடுதல் நடைக்கு என்ன சொல்வார்களோ என்று பயந்தேன். கோபுரமாக ஜல்லி என்றால் ஒரு சட்டி 20 கிலோவைத் தாண்டும். தலைதட்டினால் 15 கிலோ. "கழுத்து வலி மிச்சம் தம்பி" என்று ஒருத்தி சொன்னாள். பூட்டிங்கில் போட்ட எண்ணிக்கையேதான் இப்போதும். மூட்டைக்கு அதே 15 நடை. மூட்டைகள் கூடுகிற அளவுக்கு மொத்த நடையும் கூடும். அதற்காகக் கூலியில் ஒரு ஆளைக் கூட்டிக்கொடுத்தோம். அதைக் கொடுக்காமல் தலைதட்டு என்று மட்டும் சொல்லியிருந்தால் மத்தியானத்துக்குள் கோபுரம் திரும்பி வந்திருக்கும்.

சட்டிகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வேலையில் இருந்தது பதினோரு சட்டி. எல்லாவற்றையும் தண்ணீர் ஊற்றி அளந்தோம், ஒரு லிட்டர் பாட்டிலால்தான். புது இரும்புச் சட்டி ஆறும் 10 லிட்டரை ஒட்டி வந்தன. இரண்டு பழைய சட்டிகள் அடியில் சிமெண்ட் காய்ந்து தடித்து, விளிம்பு நெளிந்து, எட்டரை லிட்டர்தான் பிடித்தன. பிளாஸ்டிக் சட்டி மூன்று இருந்தது. அவை பார்வைக்கு ஒரே மாதிரி இருந்தாலும் 12 லிட்டர். ஆறு புதுச் சட்டிக்கும் வெளியே சிவப்பு பெயிண்டில் ஒரு பட்டை அடித்தோம். மணலுக்கும் ஜல்லிக்கும் சிவப்புச் சட்டி மட்டும், மற்ற ஐந்தும் கலந்த கான்கிரீட்டை மேலே தூக்க. சாயங்காலம் சிவப்புச் சட்டிகளைக் கழுவிக் கவிழ்த்து வைப்பது என் வேலை. அடியில் ஒட்டவிட்டால் நாலு நாளில் அதுவும் ஒன்பது லிட்டர் சட்டியாகிவிடும்.

சிமெண்டைச் சட்டியால் அளக்கவே கூடாது. கொட்டினால் அது காற்றை வாங்கி உப்பிக்கொள்ளும், 35 லிட்டரில் அடங்காது. அரை மூட்டைக் கலவை போடலாம் என்று சாயங்கால நேரத்தில் யாராவது சொல்வார்கள். அந்த அரை மூட்டை எப்போதும் அரை மூட்டையாக இருப்பதில்லை. எங்கள் மெஷின் ஒரு மூட்டை மெஷின். முழு மூட்டையைக் கிழித்துக் கொட்டுவது என்று மட்டும் வைத்துக்கொண்டோம்.

எண்ணுவதற்கு ஒரு வயதான ஆச்சியை மெஷின் பக்கத்தில் உட்கார வைத்தோம். அறுப்புக் களத்தில் நெல் அளந்து பழகியவர். "லாபம், ரெண்டு, மூணு" என்று சத்தமாக எண்ணினார். ஐந்து மணல் முடிந்தால் ஒரு கூழாங்கல்லை டப்பாவில் போடுவார், பத்து ஜல்லி முடிந்தால் இன்னொன்று. பேச்சுக் கொடுத்தாலும் அவருக்கு எண்ணிக்கை தப்பவில்லை. மெஷின்காரர் தாமே எண்ணிக்கொள்கிறேன் என்றார். லிவரையும் தண்ணீரையும் பார்க்கிறவரால் எண்ண முடியாது என்பதைத் தூண் போட்ட அன்றே பார்த்துவிட்டோம்.

தளம் போட நாள் குறித்தது ஆனி மாதக் கடைசியில். எங்கள் பக்கம் அப்போது சாரல். மலைப் பக்கமிருந்து காற்றோடு பொடிப்பொடியாக இறங்கும், நின்ற மாதிரி இருக்கும், மறுபடி இறங்கும். எம்-சாண்ட் குவியல் முழுக்க ஈரம். பூட்டிங் போட்டது பங்குனி வெயிலில். மணல் காய்ந்து கிடந்தது. இப்போது அதே ஐந்து சட்டி போட்டால் வேறு தப்பு வரும் என்றார் அத்தான்.

கொஞ்சம் ஈரப்பட்ட மணல் உப்பிக்கொள்ளும். ஒவ்வொரு பொடியையும் சுற்றி ஒரு தண்ணீர்ப் படலம் ஒட்டிக்கொண்டு, பொடிகளை ஒன்றுக்கொன்று தள்ளி நிறுத்துகிறது. சட்டி நிறைந்திருக்கும், உள்ளே மணல் குறைவாக இருக்கும். இதைப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. அடியிலிருந்து மேல் வரை ஒரே அகலமுள்ள கண்ணாடிப் பாட்டில் ஒன்றை எடுத்துக்கொண்டோம். ஈர மணலை அமுக்காமல் போட்டு, மேலே மட்டமாக்கி, அளந்தால் 15 சென்டிமீட்டர். அதை ஒரு தட்டில் கொட்டிவிட்டு, பாட்டிலில் பாதி அளவுக்குத் தண்ணீர் ஊற்றி, மணலை மெல்ல மெல்லத் திரும்பப் போட்டு, ஒரு கம்பியால் குத்திவிட்டோம். தண்ணீருக்குள் மணல் படிந்ததும் அளந்தால் 12 சென்டிமீட்டர்தான். முழுக்க நனைந்த மணல் காய்ந்த மணலின் கொள்ளளவுக்கே திரும்பிவிடும் என்பதால் இந்த 12தான் உண்மையான அளவு. 12க்கு 15 என்றால் கால் பங்கு உப்பல்.

அன்று ஐந்து சட்டி போட்டிருந்தால் உண்மையில் நான்கு சட்டி மணல்தான் போயிருக்கும். சிமெண்ட் குறையாதே, பரவாயில்லையே என்று நான் நினைத்தேன். அத்தான் அப்படி இல்லை என்றார். மணல் குறைந்தால் ஜல்லி துருத்திக்கொண்டு நிற்கும், கலவை முரடாக இருக்கும், வழுக்கி ஓடாது. ஓடவில்லை என்றதும் மெஷின்காரர் தண்ணீரைத் திறந்துவிடுவார். தண்ணீர் கூடினால் பலம் போயிற்று. பீம் அடியில் கம்பி நெருக்கமாக இருக்கிற இடத்தில் தேன்கூடு மாதிரி ஓட்டை விழும், சென்ட்ரிங் பிரித்த பிறகுதான் அது தெரியும். ஆகவே ஐந்தோடு கால் பங்கு கூட்டி ஆறேகால் வருகிறது. எண்ணுவதற்கு வசதியாக ஆறு சட்டி என்று வைத்துக்கொண்டோம். ஜல்லி உப்பாது, அது பத்துதான்.

மணல் உள்ளே கொண்டுவருகிற தண்ணீரையும் கழிக்க வேண்டும். எம்-20க்கு மூட்டைக்கு மொத்தம் 30 லிட்டருக்கு மேல் தண்ணீர் போகக்கூடாது. அந்த ஆறு சட்டி ஈர மணலுக்குள் ஏறக்குறைய 4 லிட்டர் இருக்கும் என்று கணக்கிட்டு, ஜல்லியும் நனைந்திருந்ததால், 25 லிட்டர் மட்டும் ஊற்றச் சொன்னார். குழாயை மெஷின் பக்கத்திலிருந்தே எடுத்துவிட்டோம். 20 லிட்டர் பெயிண்ட் வாளி ஒன்று, 5 லிட்டர் கேன் ஒன்று. அவ்வளவுதான் தண்ணீர்.

பத்து மணிக்குச் சாரல் விட்டு வெயில் எட்டிப் பார்த்தது. மதியம் குவியலின் மேல்பக்கம் காய்ந்து, அடி ஈரமாகவே இருந்தது. சாப்பாட்டுக்கு அப்புறம் மறுபடி பாட்டிலில் பார்த்தோம், அவர்கள் அப்போது வாரிக்கொண்டிருந்த இடத்திலிருந்தே மணல் எடுத்து. 15 வைத்தது பதின்மூன்றரைக்கு இறங்கியது. உப்பல் கால் பங்கிலிருந்து ஒன்பதில் ஒரு பங்காகக் குறைந்திருந்தது. ஆச்சியிடம் ஐந்தரை என்று சொன்னோம். அரைச் சட்டி எண்ணுவது அவருக்குப் பிடிக்கவில்லை. ஒரு கலவைக்கு ஐந்து, அடுத்ததற்கு ஆறு என்று மாற்றி மாற்றிப் போடட்டுமா என்று கேட்டார். ஒவ்வொரு கலவையும் தனித்தனி இடத்தில் விழும் என்பதால் அத்தான் அதை ஒப்புக்கொள்ளவில்லை. ஒரு சிவப்புச் சட்டியின் உள்ளே பாதி அளவில் கோடு போட்டுக் கொடுத்தார்.

சாயங்காலம் ஆறரைக்குத் தளம் முடிந்தது. பீமோடு சேர்த்து 390 கன அடி. கிழிந்த சாக்குகளை அடுக்கி எண்ணினேன், 93. ஐந்தும் பத்தும் தலைதட்டிப் போட்டால் கணக்கு சொல்கிற எண்ணும் ஏறத்தாழ அதுதான். ஆச்சியின் டப்பாவில் கூழாங்கல் 186. ஒரு மூட்டைக்கு இரண்டு கல் என்பதால் அதுவும் ஒத்துப்போனது. அண்ணாச்சி சாக்குகளை இன்னொரு தடவை தாமே எண்ணிப் பார்த்தார்.

சென்ட்ரிங் பிரித்தபோது பீம் அடியில் ஒரே ஒரு இடத்தில், படிக்கட்டுப் பக்கம், உள்ளங்கை அளவுக்குத் தேன்கூடு இருந்தது. அது வைப்ரேட்டர் எட்டாத மூலை. மற்ற இடமெல்லாம் வழவழப்பாக வந்திருந்தது. போன மாதம் அண்ணாச்சி சேரன்மாதேவியில் ஒரு வீடு எடுத்திருக்கிறார். அந்தப் பிளைவுட் பெட்டி சும்மாதானே கிடக்கிறது என்று கேட்டு, டிவிஎஸ் வண்டியில் வைத்துக் கட்டி எடுத்துக்கொண்டு போனார். பாட்டிலையும்.